கூலிங் பேட், ஸ்டாண்டு: ஃபிரேம் கூடுமா, சூடு மட்டும் குறையுமா?

கல்லூரி மாணவர், கோவை: கூலிங் பேட் வாங்கினால் எஃப்பிஎஸ் கூடுமா? ஆம் அல்லது இல்லை என்று நேராகச் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் கணினி சூட்டினால் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தால் கூடும், இல்லையென்றால் கூடாது. கேமிங் மடிக்கணினியின் ஜிபியுவுக்கு இரண்டு வரம்புகள் உண்டு. ஒன்று, தயாரிப்பாளர் வகுத்துவைத்த மின்திறன் வரம்பு. அது மாடலைப் பொறுத்து 60 வாட்டாகவும் இருக்கலாம், 140 வாட்டாகவும் இருக்கலாம். மற்றொன்று வெப்பநிலை வரம்பு. என்விடியா ஜிபியுக்களில் இது பெரும்பாலும் 87 டிகிரியை ஒட்டி இருக்கும். இவற்றில் எது முதலில் முட்டுகிறதோ அதுவே உங்கள் வேகத்தைத் தீர்மானிக்கிறது. மின்திறன் வரம்பில் நிற்கும் ஜிபியுவை 80 டிகிரியிலிருந்து 70 டிகிரிக்கு இறக்கினாலும், அது அதே வாட்டைத்தான் வாங்கும். ஃபிரேம் எண்ணிக்கையில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வராது.

மென்பொருள் பணியாளர், பெங்களூரு: எந்த வரம்பில் நிற்கிறது என்பதை நாமே பார்க்க முடியுமா?

பதில்: முடியும், பேட் வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துவிடுவதே நல்லது. கேமுக்குள் ஓரிடத்தில் நின்று, ஒரே காட்சியை வைத்துக்கொண்டு, கேமை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். முதல் ஐந்து நிமிட அளவை நம்ப வேண்டாம். அப்போது வெப்பக் குழாய்களும் உலோகப் பாகங்களும் இன்னும் முழுதாகச் சூடேறியிருக்காது, சிபியுவும் தற்காலிகமாகக் கூடுதல் மின்திறனில் ஓடிக்கொண்டிருக்கும். அரை மணி கழிந்ததும், கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, கட்டளைச் சாளரத்தில் இந்தக் கட்டளையை இடுங்கள்:

```
nvidia-smi -q -d PERFORMANCE
```

`SW Power Cap` என்பதற்கு எதிரே `Active` என்றிருந்தால் மின்திறன்தான் தடை. `SW Thermal Slowdown` அல்லது `HW Thermal Slowdown` எதிரே அப்படி இருந்தால் சூடுதான் தடை. அப்போதுதான் பேட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் வேலை இருக்கிறது. சிபியுவின் நிலையை `HWiNFO` என்ற மென்பொருளில் பார்க்கலாம். இன்டெல் சிபியு 100 டிகிரியிலும், ஏஎம்டி 95 டிகிரியிலும் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றால், அதுவும் சூட்டின் தடைதான்.

பொறியாளர், திருச்சி: நான் அளந்தே பார்த்தேன். அறை 31 டிகிரி, ஜிபியு வரம்பு 115 வாட். மேசையில் தட்டையாக வைத்தபோது 87 டிகிரி, 96 வாட், 72 ஃபிரேம். பின்பக்கத்தை 3 செ.மீ. உயர்த்தியபோது 83 டிகிரி, 115 வாட், 77 ஃபிரேம். விசிறி வைத்த பேட்டின் மேல் 79 டிகிரி, அதே 115 வாட், அதே 77 ஃபிரேம். பேட்டுக்குக் கொடுத்த பணம் வீண்தானா?

பதில்: ஃபிரேமை மட்டும் பார்த்தால், உங்கள் கணினியில், ஆம். தட்டையாக இருந்தபோது சூட்டின் காரணமாக 19 வாட்டை ஜிபியு விட்டுக்கொடுத்திருக்கிறது. உயர்த்தியதும் அதை முழுதாகத் திரும்பப் பெற்றுவிட்டது. அதற்கு மேல் வந்த 4 டிகிரிக் குளிர்ச்சியைச் செலவிட இடமில்லை, ஏனென்றால் மின்திறன் வரம்பு அங்கே சுவராக நிற்கிறது. மின்திறன் ஏறக்குறைய 20 சதவீதம் கூடியும் ஃபிரேம் 7 சதவீதம்தான் கூடியதைக் கவனியுங்கள். உச்சத்தை நெருங்க நெருங்க, ஒவ்வொரு வாட்டுக்கும் கிடைக்கும் பலன் சுருங்கிக்கொண்டே போகும்.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறையின் வெப்பநிலை 5 டிகிரி உயர்ந்தால், உள்ளிருக்கும் சில்லுகளும் ஏறத்தாழ அதே அளவு உயரும். சித்திரை வெயிலில் உங்கள் அறை 36 டிகிரியை எட்டும்போது, வெறுமனே உயர்த்தி வைத்த கணினி மீண்டும் 87-ஐ நெருங்கிவிடும். பேட்டின் மேல் இருப்பது தப்பித்துக்கொள்ளும். எனவே தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஏப்ரலில் மறுபடி அளந்து பாருங்கள்.

வாசகர், யாழ்ப்பாணம்: சூடான காற்று இயல்பாக மேலே ஏறும். உயர்த்தி வைத்தால் அடியில் தேங்கும் சூடு தானாக வெளியேறுகிறது, அதனால்தான் குளிர்கிறது. சரிதானே?

பதில்: சூடான காற்று மேலெழும் என்பது சரி, ஆனால் இங்கே பலன் தருவது அதுவன்று. உள்ளிருக்கும் விசிறிகள் இழுக்கும் காற்றோடு ஒப்பிட்டால், தானாக மேலெழும் காற்று மிகச் சொற்பம். பெரும்பாலான கேமிங் கணினிகள் அடிப்பக்கத் துளைகள் வழியாகக் காற்றை இழுத்து, பின்பக்கமும் பக்கவாட்டிலும் வெளியே தள்ளுகின்றன. ரப்பர் கால்களின் உயரம் சில மில்லிமீட்டர்தான் என்பதால், அந்தக் குறுகிய சந்தில் காற்று நெருக்கடிப்படுகிறது. போதாததற்கு, வெளியேறிய சூடான காற்றில் ஒரு பங்கு சுற்றிவந்து மறுபடி உள்ளே நுழைகிறது. உயர்த்துவது இவ்விரண்டையும் தளர்த்துகிறது. அதனால்தான் சந்தைக்கு வரும் ஸ்டாண்டும், பின்பக்கம் வைத்த இரண்டு மரக்கட்டைகளும் கிட்டத்தட்ட ஒரே பலனைத் தருகின்றன. அடிப்பக்கத் துளையைக் கட்டையே மூடிவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

குடும்பத்தலைவி, சேலம்: என் பையனின் கணினிக்கு ஐந்து விசிறி வைத்த பேட் வாங்கினோம். ஒரு டிகிரிகூடக் குறையவில்லை.

பதில்: கணினியைத் திருப்பி, துளைகள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். பேட்டின் விசிறிகள் அந்தத் துளைகளுக்கு நேராக இல்லாமல், வெறும் பிளாஸ்டிக்கின் மேல் ஊதிக்கொண்டிருந்தால் பலன் இராது. மேலும், பழைய வகை யூஎஸ்பி துளை தருவது 2.5 வாட்தான், அதில் ஐந்து விசிறிகள் ஓடினால் ஒவ்வொன்றுக்கும் அரை வாட் மிஞ்சும். பேட்டின் விளக்குகளில் வெளிச்சம் மட்டும் நன்றாகத்தான் வரும்.

ஆசிரியர், தஞ்சாவூர்: நான் கேம் விளையாடுவதில்லை, வேர்டும் உலாவியும்தான். ஆனாலும் மடியில் சுடுகிறது. எனக்கும் பேட் வேண்டுமா?

பதில்: மடியில் துணியின் மேல் வைத்தால் துளைகள் அடைபடும். கீழே ஒரு தட்டையான பலகை போதும்.

வாசகர், சிங்கப்பூர்: விளிம்பில் நுரை வைத்து, காற்றை வெளியே விடாமல் நேராக உள்ளே திணிக்கும் பேட்கள் இப்போது வருகின்றன. அவை உண்மையாகவே வேறு வகையா?

பதில்: ஆம், அவை வேறு வகை. தனி மின்னிணைப்பில் ஓடும் வலுவான ஊதி, நுரையால் அடைபட்ட இடத்தில் அழுத்தத்தை உண்டாக்குவதால், அந்தக் காற்றுக்குக் கணினிக்குள் போவதைத் தவிர வேறு வழியில்லை. 10 டிகிரியும் அதற்கு மேலும் இறங்குவதுண்டு. விலை அதிகம், முழு வேகத்தில் காதைத் துளைக்கும் இரைச்சல். வடிகட்டி இல்லாவிட்டால் தூசியையும் சேர்த்துத் திணிக்கும். உள்ளிருக்கும் விசிறிகளை அது வெளியிலிருந்து மிகையாகச் சுழற்றி, அவற்றின் பேரிங்கைத் தேய்த்துவிடுமா என்பதில் பழுதுபார்ப்பவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நானாக இருந்தால் முழு வேகத்தில் ஓட்ட மாட்டேன்.

மருத்துவ மாணவி, மதுரை: மூன்று ஆண்டுகள் நன்றாக ஓடிய கணினி இப்போது பத்து நிமிடத்தில் திணறுகிறது. உயர்த்தியும் சரியாகவில்லை. நல்ல பேட் எது?

பதில்: முன்பு தட்டையாக வைத்தே நன்றாக ஓடியதென்றால், குறை அடியில் இல்லை, உள்ளே இருக்கிறது. விசிறிக்கும் வெப்பத் தகடுகளுக்கும் இடையில் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். சில்லின் மேல் பூசிய தெர்மல் பேஸ்டும் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒதுங்கியிருக்கலாம். விசிறி உரக்கச் சுழன்றும் பின்துளையில் வரும் காற்று மெலிந்திருந்தால் தூசி. காற்று நன்றாக வந்தும் கேம் தொடங்கிய சில நொடிகளிலேயே வெப்பநிலை உச்சத்துக்குத் தாவினால் பேஸ்ட். இரண்டையும் ஒரே முறை திறந்து சரிசெய்துவிடலாம். அதன் பின் அரை மணி நேரச் சோதனையைச் செய்து, அப்போதும் `Thermal Slowdown` வந்தால் பேட்டைப் பற்றிப் பேசலாம்.