ஒரே குழம்பு, ஆறு தட்டு: வாசகர் கேள்விகளுக்கு பதில்

ஒன்றரை வயசு குழந்தை, 14லயும் 16லயும் ரெண்டு பசங்க, சுகரும் பிபியும் இருக்கற 72 வயசு மாமியார், நாங்க ரெண்டு பேர். தினமும் மூணு சமையல் பண்றேன், முடியல. என்ன வழி? (மதுரை வாசகி)

மூணு சமையல் வேண்டாம், ஒரு சமையல் போதும், ஆனா எந்த நேரத்துல எதை எடுத்து வைக்கறீங்கங்கறதுதான் எல்லாமே. சாம்பார வெச்சே சொல்றேன். ஒரு டம்ளர் துவரம்பருப்ப உப்பில்லாம குழைய வேக வைங்க, கேரட், பூசணி இதெல்லாம் தனியா வெறும் தண்ணில வேகட்டும், ரெண்டையும் சேர்த்ததும் குழந்தைக்கு ஒரு குழிக்கரண்டி எடுத்து வெச்சிடுங்க. இந்த எடம்தான் சரியான எடம், ஏன்னா புளி போட்டுட்டா அப்புறம் காய் மெத்துனு வேகாது. அடுத்தது புளி, கொஞ்சமா சாம்பார் பொடி, வழக்கமா போடற உப்புல பாதி. பச்சை வாசனை போக பத்து நிமிஷம் கொதிச்சதும் மாமியாருக்கு எடுத்துடுங்க. மிச்சத்துக்குத்தான் காரம், அதுவும் தாளிப்புல. கடுகு வெடிச்சதும் அடுப்ப அணைச்சிட்டு மிளகாய்த்தூள் அரை ஸ்பூன் அந்த எண்ணெய்ல போட்டு உடனே கொட்டிடுங்க, அடுப்பு எரிஞ்சா ரெண்டு செகண்ட்ல கருகிடும். உப்பு பத்தலன்னா மேஜைல ஒரு சிட்டிகை. மேல தூவின உப்பு நாக்குல சட்டுனு தெரியும், அதனால மொத்தத்துல கம்மியாதான் போகும்.

மிச்சமெல்லாம் தட்டுலதான். குழந்தைக்கு பருப்பு, காய், சோறு, நெய் விட்டு கையால மசிச்சது. மாமியாருக்கு முதல்ல பொரியலும் பருப்பும், கடைசில அளந்த ஒரு கப் சோறு. காயும் பருப்பும் முன்னாடி போனா சாப்பாட்டுக்கு அப்புறம் சுகர் ஏற்றது கொஞ்சம் மட்டுப்படும். பசங்களுக்கு அதே சாப்பாட்டோட ஆளுக்கு ரெண்டு முட்டை இல்லன்னா ஒரு கிண்ணம் சுண்டல். திரும்பவும் சொல்றேன், முதல்ல எடுத்து வைங்க, அப்புறம் உப்பு போடுங்க.

குழந்தைக்கு எல்லாத்தையும் மிக்ஸில அடிச்சுதான் தர்றேன். ரெண்டு வயசு. சரியா?

இல்ல. ரெண்டு வயசுல மென்னு பழகணும். கையால மசிங்க, கொஞ்சம் கட்டி இருக்கட்டும். முழு வேர்க்கடலை, முழு முந்திரி, முழு திராட்சை மட்டும் அஞ்சு வயசு வரைக்கும் கண்டிப்பா கிடையாது, தொண்டைல அடைச்சிடும். அண்ணன் தட்டுல இருந்து சுண்டல் எடுத்து வாய்ல போட்டுக்கற வயசு இது, பக்கத்துல ஆள் இருக்கணும்.

என் பொண்ணு சோறே தொடமாட்டேங்கறா, பால் மட்டும்தான், அஞ்சு தடவ குடிக்கறா.

குழந்தைக்கு என்ன வயசுனு எழுதல. வயசு இல்லாம குழந்தைய பத்தி கேட்டா நான் எப்படி பதில் சொல்றது? ஒரு வயசு தாண்டிட்டான்னு வெச்சுக்கறேன். அஞ்சு தடவன்னா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் பால் போகுது, அதுலயே வயிறு ரொம்பிடுது. பால்ல இரும்புச்சத்து ரொம்ப கம்மி, இப்படியே போனா ரத்தசோகைதான் வரும். ஒரு நாளைக்கு 400, 500 மில்லி போதும், அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம்.

வீடு முழுக்க இந்துப்புக்கு மாறிட்டோம், பிபிக்கு நல்லதுதானே?

இந்துப்பும் உப்புதான், பிபிக்கு ரெண்டும் ஒண்ணுதான். அதோட நிறைய பாக்கெட்ல அயோடின் சேர்த்திருக்க மாட்டாங்க, அது வளர்ற குழந்தைக்கு அவசியம் வேணும். அயோடின் உப்பையே கம்மியா போடுங்க. பெரியவங்களுக்கு நாள் முழுக்க ஒரு டீஸ்பூன், குழந்தைக்கு அதுல பாதிக்கும் கீழ. ஊறுகாய், அப்பளமும் இந்த கணக்குலதான் வரும்.

பாட்டிக்கு பல் இல்ல, மூணு வேளையும் ரசம் சாதம்தான். லைட்டா இருக்கட்டும்னு விட்டுட்டோம். ஆனா மெலிஞ்சுக்கிட்டே போறாங்க. (தஞ்சாவூர் வாசகர்)

வாரம் தவறாம இப்படி ஒரு கடிதம் வருது, ஒவ்வொரு தடவையும் மனசு பதறுது. "வயசாயிடுச்சு, லைட்டா போதும்"னு நாம சொல்றதுதான் அவங்க உடம்ப கரைக்குது. 50 கிலோ இருக்கற ஒரு பாட்டிக்கு நாளைக்கு சுமார் 50 கிராம் புரதம் வேணும். ஒரு தட்டு ரசம் சாதத்துல இருக்கறது அஞ்சு கிராம், மூணு வேளைக்கும் சேர்த்தா பதினஞ்சு. மிச்சத்துக்கு உடம்பு தன்னோட தசையையே எடுத்துக்கும். வளையல் லூசாகும், நாற்காலில இருந்து எழ கைய ஊனுவாங்க, ராத்திரி பாத்ரூம் போறப்ப தடுமாறுவாங்க, ஒரு நாள் விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சப்புறம்தான் நமக்கு உறைக்கும். எங்க அம்மாவுக்கும் ரெண்டு வருஷம் நாங்க இதையேதான் பண்ணோம், அவங்க எழுந்திருக்க சிரமப்படறத மூட்டு வலின்னு நெனச்சுட்டோம்.

இதுக்குன்னு தனியா எதுவும் சமைக்க வேண்டாம். சாம்பாருக்கு வேக வெச்ச பருப்புல மேல நிக்கற தண்ணிய விட்டுட்டு அடில இருக்கற கெட்டியான பருப்ப ஒரு கிண்ணம் எடுங்க, அதுல ஏழு கிராம் இருக்கு. அத சோத்துல பிசைஞ்சு அதுக்கு மேல ரசம் விடுங்க, அவங்களுக்கு புடிச்ச ருசியும் போகாது. பசங்களுக்கு ஆம்லெட் போடறப்ப அதே முட்டைய பாட்டிக்கு பொடிமாஸா கிளறிடுங்க, பல்லே வேண்டாம், ஒரு முட்டைக்கு ஆறு கிராம். முட்டை தொடமாட்டாங்கன்னா பன்னீர உதிர்த்து போடுங்க. கெட்டித்தயிர் ஒரு கப், ராத்திரி ஒரு டம்ளர் பால், அது ஒரு பத்து, பன்னெண்டு. பருப்பு ரெண்டு வேளை, முட்டை ஒண்ணோ ரெண்டோ வெச்சா கணக்கு கிட்ட வந்துடும். ஒரே நாள்ல ஏத்தாதீங்க, ரெண்டு வாரம் எடுத்துக்கோங்க.

இன்னொண்ணு, ரசமோ தண்ணியோ குடிக்கறப்ப இருமறாங்களான்னு பாருங்க. அப்படி இருந்தா அது விழுங்கற பிரச்சனையா இருக்கலாம், உடனே டாக்டர்ட்ட காட்டுங்க. கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு நான் சொன்ன இந்த அளவு பொருந்தாது.

அப்பாவுக்கு சுகர், கிட்னி ரெண்டும். பிபி உப்புனு விக்கறாங்களே, அத வீட்டுல எல்லாருக்கும் போடலாமா?

கிரியேட்டினின் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு, என்ன மாத்திரை? ஒண்ணுமே எழுதாம கேட்டிருக்கீங்க. அந்த உப்புல சோடியத்த குறைச்சு பொட்டாசியம் சேர்த்திருப்பாங்க, கிட்னி சரியில்லாதவங்களுக்கு அது ரத்தத்துல தேங்கி இதயத்துடிப்பையே கெடுக்கும். டாக்டர் சொல்லாம வாங்காதீங்க. பழைய வழியே போதும், அவருக்கு எடுத்து வெச்சிட்டு அப்புறம் உப்பு போடுங்க.

பையன் டியூஷன் முடிஞ்சு ஒன்பதரைக்குத்தான் வர்றான். எல்லாரும் சேர்ந்து சாப்பிடணும்னு தாத்தா காத்திருக்கார், சுகர் மாத்திரை எட்டு மணிக்கே போட்டுடறார்.

இத இன்னிக்கே நிறுத்துங்க. மாத்திரையோ இன்சுலினோ போட்டுட்டு சாப்பிடாம இருந்தா சுகர் இறங்கி மயக்கம் போட்டுடலாம். ஒரே மெனுன்னா ஒரே நேரம்னு அர்த்தமில்ல. எட்டு மணிக்கு அவர் சாப்பிடட்டும், பேரன் வந்ததும் பக்கத்துல உக்காந்து பேசட்டும்.

பொண்ணுக்கு 15 வயசு, ஹீமோகுளோபின் 9.5. தினமும் கீரை தர்றோம், ஏறவே இல்ல.

12 இருக்கணும், 9.5ங்கறது கீரையால மட்டும் ஏறாது, டாக்டர்ட்ட காட்டி இரும்பு மாத்திரை ஆரம்பிங்க. சாப்பாட்டோட டீயும் குடிக்கறாளா? அப்ப கீரைல இருக்கற இரும்பு உடம்புல சரியா சேராது, டீய ஒரு மணி நேரம் தள்ளி வைங்க. எல்லாருக்கும் பண்ற கீரை கூட்டுல இருந்து அவ தட்டுல மட்டும் அரை எலுமிச்சம்பழம் பிழிங்க.