ரிசல்ட் வரவில்லை, படிவம் வந்துவிட்டது

கேள்வி: இந்த வருடம் இ.சி.இ. முடித்தேன். கேம்பஸில் வேலை கிடைத்தது, ஆகஸ்டில் சேர வேண்டும். ஆறாவது செமஸ்டர் அரியர் ஒன்றை ஏப்ரல்-மே தேர்வில் எழுதியிருக்கிறேன், ரிசல்ட் வரவில்லை. 'நிலுவையில் அரியர் இல்லை' என்று படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார் ஹெச்.ஆர். "இல்லைன்னு போட்டுடு, அதுக்குள்ள ரிசல்ட் வந்துடும்" என்கிறான் நண்பன். போடலாமா?

பதில்: போடாதீர்கள் தம்பி. பாஸாகிவிட்டால் யாருக்கும் தெரியாமலே போகலாம், உண்மைதான். ஆகவில்லை என்றால் அரியரோடு பொய்ப் படிவமும் சேர்ந்துகொள்ளும். அரியருக்காகச் சேரும் தேதியைத் தள்ளிவைக்கிற நிறுவனங்கள் உண்டு. பொய்க் கையெழுத்து என்றால், சேர்ந்து ஆறு மாதம் கழித்துச் சான்றிதழ் சரிபார்ப்பில் தெரிந்தாலும் வேலை போகும்.

முதலில் ஆஃபர் லெட்டரை எடுத்து நிபந்தனையைப் படியுங்கள். 'சேரும்போது அரியர் நிலுவையில் இருக்கக் கூடாது' என்பது ஒன்று. 'படிப்பு முழுக்க அரியரே விழுந்திருக்கக் கூடாது' என்பது வேறு. முதலாவது என்றால் உங்களுக்குத் தேவை கொஞ்சம் அவகாசம்தான். இரண்டாவது என்றால் பாஸானாலும் சிக்கல் தீராது. இன்டர்வியூ சமயத்தில் என்ன எழுதிக் கொடுத்தீர்கள் என்பதையும் பார்த்து, தவறாக இருந்தால் இப்போதே திருத்திச் சொல்லுங்கள்.

அப்புறம் கல்லூரி பிளேஸ்மென்ட் அதிகாரியிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். நிறுவனம் சொல்லி அவருக்குத் தெரிய வேண்டாம். அதற்குப் பிறகு ஹெச்.ஆருக்கு மெயில். போனில் பேசினாலும் மெயில் இருக்கட்டும், எழுத்தில் இருப்பதுதான் பின்னால் உதவும். ஏழெட்டு வரி போதும்: "ஆறாவது செமஸ்டரில் இந்தப் பாடம், இந்தக் குறியீடு, ஒரு அரியர் இருக்கிறது. ஏப்ரல்-மேயில் எழுதிவிட்டேன், ரிசல்ட் வரவில்லை. மற்ற எல்லாப் பாடங்களின் நிலையும் இணைப்பில் உள்ளது. ஒருவேளை தேர்ச்சி பெறாவிட்டால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பேன். அடுத்த வாய்ப்பு நவம்பர்-டிசம்பர் தேர்வு. இந்த நிலையில் ஆகஸ்டில் சேர்ந்து சான்றிதழைப் பிறகு தரலாமா, அல்லது அடுத்த பேட்சில் சேரலாமா?"

கேள்வியோடு முடியும்போது அவருக்கும் மேலே கேட்டுச் சொல்ல ஒரு விஷயம் கிடைக்கிறது. 'கண்டிப்பாக பாஸாகிவிடுவேன்' என்று எழுத வேண்டாம், அது உங்கள் கையில் இல்லை. அந்த செமஸ்டரில் உடம்பு சரியில்லை, வாத்தியார் சரியில்லை என்ற கதைகளும் வேண்டாம். ஆள் எடுக்கும் வேலையில் இருந்தபோது அப்படிப்பட்ட மெயில்களில் நான் தேடியதெல்லாம் எத்தனை பேப்பர், ரிசல்ட் எப்போது என்பதைத்தான்.

படிவத்தில் 'ஆம், இல்லை' கட்டம் மட்டும் இருந்தால் 'நிலுவை உண்டு' என்பதை டிக் செய்து, 'ஒன்று, ரிசல்ட் எதிர்பார்ப்பில்' என்று பக்கத்தில் எழுதுங்கள். 'முடியாது, ஆஃபர் ரத்து' என்றும் பதில் வரலாம். 'ரிசல்ட் வந்ததும் மறுபடி பரிசீலிக்க முடியுமா' என்று ஒரு முறை கேளுங்கள், அதற்கு மேல் கெஞ்ச வேண்டாம்.

ரிசல்ட் வந்த அன்றே, பாஸோ இல்லையோ, அதே மெயிலுக்கு ரிப்ளையாக அதன் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பிவிடுங்கள்.