கூறைப்புடவையை வெட்டித் தைக்கலாமா?

கேள்வி: என் கல்யாணக் கூறைப்புடவை காஞ்சிப் பட்டு, முப்பத்தெட்டு வருடமாகிறது. மடிப்பு விழுந்த இடங்களில் இரண்டு மூன்று கிழிசல். ஜரிகை நன்றாக இருக்கிறது. மகள் தன் வரவேற்புக்கு அதை லெஹங்காவாகத் தைத்துத் தரச் சொல்கிறாள். வெட்டலாமா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வெட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. அதற்கு முதல் காரணம் சம்பிரதாயமல்ல, பட்டின் நிலை. மடிப்பில் நூல் ஒடியத் தொடங்கிவிட்டால், மற்ற இடங்களும் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வலுவிழந்திருக்க வாய்ப்பு அதிகம். லெஹங்காவில் உள்துணியின் எடையும் ஜரிகைக் கரையின் எடையும் சேர்ந்து இடுப்புத் தையலை இழுக்கும். பட்டில் இயந்திர ஊசி போட்ட துளைகள் பிரித்த பிறகும் மறைவதில்லை என்பதால், பழைய பட்டு பெரும்பாலும் அந்தத் துளைகளின் வரிசையிலேயே கிழிகிறது.

பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணியின் மேல் புடவையை விரித்து, உடல் பகுதியை இரு விரல்களுக்கிடையே மெல்லப் பிடித்துப் பாருங்கள். சருகுபோல் சரசரத்தாலோ, வெள்ளைத் துணியில் பொடி உதிர்ந்தாலோ, அதை இனி உடுத்தவே கூடாது. முகூர்த்தத்தன்று தட்டில் வைத்து மகள் தொட்டு வணங்கினால் போதும். துணி இன்னும் துவண்டு, மென்மையாக இருந்தால் மட்டும் மேற்கொண்டு யோசிக்கலாம்.

அப்படி இருந்தால் கிழிசலுக்கு ஒட்டுத்துணி கொடுங்கள். அதே நிறத்தில் மெல்லிய மல்மல் துணியை எடுத்து, சாயம் போகிறதா என்று பார்த்து, அலசிச் சுருங்க வைத்த பின், கிழிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் பெரிதாக வெட்டிப் புடவையின் பின்புறம் வையுங்கள். கிழிந்த ஓரங்களை இழுத்துச் சேர்க்காமல் அவை கிடக்கிற நிலையிலேயே விட்டு, மெல்லிய பட்டு நூலால் கையால் தைக்க வேண்டும். ஜரிகைக்குள் ஊசி போகக் கூடாது. இஸ்திரி போட்டு ஒட்டும் பசைத்துணியைத் தையற்காரர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அந்தப் பசை நாளடைவில் விறைத்துப்போகும், பட்டைக் கெடுக்காமல் அதைப் பிரித்தெடுக்கவும் முடியாது.

மகளின் ஆசையையும் தள்ள வேண்டியதில்லை. விரிந்த உள்பாவாடையின் மேல் முழுப் புடவையையும் சுற்றிலும் கொசுவி, இடுப்பில் செருகினால் லெஹங்காவின் தோற்றம் வந்துவிடும். மேலே தனித் தாவணி போட்டுக்கொள்ளலாம். கிழிசல்கள் கொசுவத்துக்குள் மறையும்படி உடுத்திவிடுகிறவரிடம் முன்பே காட்டிவிடுங்கள். ஊக்கு குத்தவே வேண்டாம். புடவையோடு வந்த ரவிக்கைத் துணி வெட்டாமல் இருந்தால், அதை மகளின் அளவுக்குத் தாராளமாகத் தைக்கலாம். உள்தையலில் ஓர் அங்குலம் விட்டுத் தைத்தால் பிறகு பிரித்துக்கொள்ளவும் வழி இருக்கும்.

புடவை முனையில் அன்று தடவிய மஞ்சள் கறையாகத் தெரியலாம். அதைப் போக்க முயலாதீர்கள். அது அந்தச் சடங்கின் தடம், தவிர அதைப் போக்கும் மருந்து பட்டையும் சாயத்தையும் சேர்த்தே அரிக்கும். கோயிலில் பிரசாதமாகக் கிடைத்த அம்மன் புடவை என்றால் என் பதில் வேறு: அதை வெட்டும் முன் அந்தக் கோயில் குருக்களையும் வீட்டுப் பெரியவர்களையும் கேளுங்கள், அவர்கள் தயங்கினால் விட்டுவிடுங்கள்.