ஒரு டார்ச் பேட்டரியில் சுழலும் மோட்டார்

கேள்வி: பத்து வயது மகனுக்குக் கைப்பேசியும் டேப்லெட்டும் சலித்துவிட்டன. கையால் செய்து பார்க்கும்படியாக என்ன வாங்கித் தரலாம்? சென்னையில் இருக்கிறோம்.

பெட்டியில் வரும் விலையுயர்ந்த தொகுப்புகளை இப்போதைக்கு விட்டுவிட்டு, ஒரு சிறிய மோட்டாரை அவனே செய்யட்டும். என் மகள் அதே வயதில் இதில்தான் தொடங்கினாள்.

தேவையானவை தடித்த டார்ச் பேட்டரி ஒன்று, இரண்டு ஊக்குகள், வட்டக் காந்தம், ரப்பர் பட்டை, உப்புத்தாள், எனாமல் பூசிய செம்புக் கம்பி ஒன்றரை மீட்டர். 24 அல்லது 26 கேஜ் கம்பி போதும். மின்விசிறிக்குக் காயில் கட்டும் கடைகளில் துண்டாகவே கிடைக்கும். காந்தத்துக்கு ரிச்சி தெருவில் ஒரு நடை நடக்கலாம். அந்தத் தெருவைச் சுற்றிக் காட்டுவதே பாதி பொழுதுபோக்கு.

கம்பியைப் பேட்டரியின் மேல் பத்துச் சுற்று சுற்றிக் கழற்றி, இரு முனைகளையும் எதிரெதிரே நேராக நீட்டி, சுருளில் இரண்டு முறை முறுக்கிக் கட்ட வேண்டும். ஊக்குகளின் வளையம் மேலே நிற்குமாறு பேட்டரியின் இரு முனைகளிலும் ரப்பர் பட்டையால் இறுக்கி, பேட்டரியின் மேல் காந்தத்தை வைத்து, கம்பி முனைகளை வளையங்களில் நுழைத்தால் சுருள் காந்தத்துக்கு மேலே தொங்கும்.

இதில் நுட்பமான வேலை எனாமலைச் சுரண்டுவதுதான். ஒரு முனையை முழுவதும் சுரண்டலாம். மறுமுனையில், சுருளைச் செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக்கொண்டு, மேல் பாதியை மட்டும் சுரண்ட வேண்டும். முழுவதும் சுரண்டிவிட்டால் முதல் அரைச் சுற்றில் சுருளைத் தள்ளிய விசை அடுத்த அரைச் சுற்றில் அதையே பின்னுக்கு இழுக்கும். பாதியில் எனாமல் இருந்தால் அந்நேரம் மின்சாரம் நின்று, சுருள் தன் வேகத்திலேயே அந்த அரைச் சுற்றைக் கடந்துவிடும்.

என் மகளின் முதல் சுருள் தொட்டில் போல ஆடியதே தவிர சுழலவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நான் அவசரப்பட்டுப் புதியது வாங்கி வந்தேன். அதிலும் அதே ஆட்டம். சுருளைப் படுக்கையாக வைத்துச் சுரண்டியிருந்தாள். அதனால் மின்சாரம் பாயும் நேரத்தில் பாதி தள்ளுவதிலும் பாதி இழுப்பதிலும் போயிற்று. புதிய கம்பியில், செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டிய பிறகு, விரலால் ஒரு சுண்டு சுண்டியதும் ஓடத் தொடங்கியது.

சற்றும் அசையாவிட்டால் எனாமல் சரியாகப் போகவில்லை என்று பொருள். சுரண்டிய இடம் பளபளவென்று செம்பு நிறத்தில் தெரிய வேண்டும். தள்ளாடி நின்றால் முனைகள் ஒரே நேர்கோட்டில் இல்லை.

சுழலாமல் நிற்கும் சுருளில் மின்சாரம் பாய்ந்துகொண்டே இருந்தால் கம்பியும் பேட்டரியும் சுடும் என்பதால், உடனே சுருளை எடுத்துவிடப் பழக்குங்கள். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியைத் தவிர, கைப்பேசி பேட்டரி போன்ற லித்தியம் வகை எதையும் இதற்குத் தரவே கூடாது.

ஓடியதும் காந்தத்தைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். சுருள் எதிர்த்திசையில் சுழலும். அதற்குப் பிறகு, இருபது சுற்றுச் சுற்றினால் என்ன ஆகும் என்று என் மகள் தானாகவே கம்பி கேட்டாள்.