கூட்டம் எத்தனை மணிக்கு?

கேள்வி: எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் கனடாக் கிளை ஆங்கிலத்தில் அனுப்பிய அறிவித்தலை வட்ஸ்அப் குழுவுக்காக இப்படித் தமிழாக்கினேன்: "யூலை 12 சனிக்கிழமைக்கான இணையக் கூட்டமானது மு.ப. 10.00 இலிருந்து பி.ப. 3.00 (ரொறொன்ரோ நேரம்) இற்கு மீள்திட்டமிடப்பட்டுள்ளது. தயவுசெய்து புதன்கிழமை மூலம் உங்கள் கிடைக்கும் தன்மையை உறுதிப்படுத்தவும்." இரண்டு பேர்தான் பதில் போட்டார்கள். எங்கே பிழை? - வாசகி, நல்லூர்

பதில்: இரண்டாவது வசனம் சின்னப் பிரச்சினை. "கிடைக்கும் தன்மை" கடைச் சாமானுக்குத்தான் பொருந்தும், ஆளிடம் கேட்பதென்றால் "வருவீர்களா?" போதும். "மூலம்" என்பது வழியைச் சொல்லும், தவணையைச் சொல்லாது. "புதனுக்குள்" என்று எழுதினாலும் செவ்வாயோடு முடிகிறதா, புதனும் சேர்த்தியா என்று சிலர் யோசிப்பார்கள். ஆகவே "புதன் இரவுக்குள்" என்று எழுதுங்கள். "தாருங்கள்", "எழுதுங்கள்" என்றாலே மரியாதை வந்துவிடும், "தயவுசெய்து" தேவையில்லை.

பெரிய சிக்கல் நேரத்தில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு ரொறொன்ரோ மணி எதற்கு? கோடையில் நாங்கள் ஒன்பதரை மணித்தியாலம் முன்னால் நிற்கிறோம். அங்கே காலை 10 இங்கே இரவு 7.30. அங்கே பின்னேரம் 3 இங்கே நள்ளிரவு தாண்டி 12.30, திகதியும் 13 ஆகிவிடுகிறது. (அந்த நேரத்துக்குக் கூட்டம் வைப்பது நியாயமா என்பதைக் கனடாக்காரரிடம்தான் கேட்க வேண்டும்!)

கணக்குச் சரியானாலும் இன்னொரு பொறி உண்டு. "ஞாயிறு 12.30" என்று போட்டால் பலர் ஞாயிறு மத்தியானம் வந்து காத்திருப்பார்கள். "ஞாயிறு இரவு 12.30" என்றால் ஒருநாள் பிந்தி வருவார்கள், ஏனென்றால் எங்கள் பேச்சில் விடியும்வரைக்கும் முதல்நாள் இரவுதான். அதனால் சனி இரவோடு சேர்த்துச் சொல்லி, திகதியைப் பக்கத்தில் வையுங்கள். பழைய நேரம் முதலில், புதியது பிறகு வரட்டும். "மீள்திட்டமிடப்பட்டுள்ளது" என்பது பிந்தியதா முந்தியதா என்றே சொல்வதில்லை.

"வணக்கம். யூலை 12 சனி இரவு 7.30க்கு வைக்கவிருந்த இணையக் கூட்டம் பிந்தியிருக்கிறது. சனி இரவு நித்திரைக்குப் போகாமல் இருந்தால், நள்ளிரவு தாண்டி 12.30க்குத் தொடங்கும் (13ஆம் திகதி பிறந்து அரை மணித்தியாலத்தில், ரொறொன்ரோவில் சனி பின்னேரம் 3.00). வருவீர்களா, வர ஏலாதா என்பதை 9ஆம் திகதி புதன் இரவுக்குள் அறியத் தாருங்கள்."

நித்திரைக் கதை குழுவுக்குப் பகிடியாகப் படுமென்றால் அதை வெட்டி, "சனி இரவு, நள்ளிரவு தாண்டி 12.30க்கு" என்று விடலாம். இதே வடிவத்தை மார்கழிக் கூட்டத்துக்குப் பயன்படுத்தும்போது மணியை மட்டும் திரும்பக் கணக்குப் பாருங்கள்: நவம்பர் முதல் ஞாயிறு ரொறொன்ரோவில் மணிக்கூட்டைப் பின்னுக்கு வைப்பார்கள், இடைவெளி பத்தரை மணித்தியாலமாகிவிடும்.