பிசிராந்தையாரை இழுக்காதீர்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 36 வயது. ஒரு வாசிப்புக் குழுவில் அறிமுகமான நண்பருடன் ஐந்து மாதமாக வாட்ஸப்பில் பேசிவருகிறேன். நேரில் பார்த்ததில்லை, போனில்கூடப் பேசியதில்லை. நிதானமானவர், ஆழமானவர், பெண்களை மதிப்பவர். அப்பா இறந்ததைப் பற்றி நான் எழுதியபோது “ம்ம்… புரியுது” என்றார். அவருக்கு மட்டும்தான் அது புரிந்தது. போன மாதம் ஒன்பது நாள் பதிலே இல்லை. தனிமை தேவைப்படுகிறவர் என்று எடுத்துக்கொண்டேன். தோழி இதெல்லாம் பிரமை, ஆள் ஏமாற்றுக்காரனாகவும் இருக்கலாம் என்கிறாள். பிசிராந்தையார் பார்க்காமலே நட்புக் கொள்ளவில்லையா? என் மனதில் இருப்பதை அவரிடம் சொல்லிவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தோழியின் பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கொடுத்தாகிவிட்டது என்றால் எனக்கு எழுதிக்கொண்டிருக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். வயதைப் பற்றி எனக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை.

பிசிராந்தையாரைத்தான் என்னால் விடமுடியவில்லை. செல்போனில் யாரிடமாவது மனதைக் கொடுத்தவர்கள் எல்லாரும் அந்தக் கிழவரைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள். புறநானூற்றில் நடப்பது என்ன? கோப்பெருஞ்சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருக்கிறான். பாண்டிய நாட்டுப் பிசிரிலிருந்து ஆந்தையார் வருவார் என்கிறான். இத்தனை வருஷம் கேள்விப்பட்டதோடு சரி, கண்ணால் கண்டதில்லையே, வருவாரா என்று சுற்றியிருப்பவர்களுக்குச் சந்தேகம். செல்வக் காலத்தில் வராமல் இருந்தாலும் அல்லல் காலத்தில் வராமல் இருக்கமாட்டார், அவருக்கு இடம் ஒழித்துவையுங்கள் என்கிறான் சோழன். அவர் வருகிறார். புலவர் பொத்தியார் வியந்து பாடுகிறார்.

சோழன் செய்ததைக் கவனியுங்கள். பொய்த்துப்போகக்கூடிய ஒன்றை நாலு பேர் முன்னால் சொன்னான். ஆந்தையார் வராமல் இருந்திருந்தால் அவன் நினைத்தது தப்பு என்று ஊருக்கே தெரிந்திருக்கும். உங்கள் நண்பரைப் பற்றி அப்படி ஒன்றையாவது சொல்லியிருக்கிறீர்களா? ஒன்பது நாள் பதில் இல்லை, தனிமை தேவைப்படுகிறவர் ஆகிவிட்டார். ஒன்பது நிமிடத்தில் பதில் வந்திருந்தால் அக்கறை உள்ளவர் ஆகியிருப்பார். நீளமாக எழுதினால் மனம் திறந்தவர், “ம்ம்” என்றால் ஆழமானவர். மனிதர் என்ன செய்தாலும் உங்களிடம் நூற்றுக்கு நூறுதான். அப்படியென்றால் நீங்கள் அவர் விடைத்தாளைத் திருத்துவதே இல்லை, அதையும் நீங்களே எழுதிக்கொள்கிறீர்கள். “ம்ம்… புரியுது” என்பதில் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா? குழம்பு தாளித்துக்கொண்டே அதை யாரும் தட்டலாம்.

இது உங்களுக்கு மட்டும் நேர்கிற கோளாறு இல்லை. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆய்வாளர் ஜோசப் வால்தர் 1996-லேயே எழுதிவிட்டார். எழுத்தில் பேசும்போது எழுதுகிறவருக்கு யோசிக்கவும் அழிக்கவும் நேரம் இருக்கிறது, நல்ல முகத்தை மட்டும் அனுப்பலாம். குரலும் முகமும் இல்லாத இடத்தைப் படிக்கிறவர் தன் விருப்பம்போல நிரப்பிக்கொள்கிறார். இதோடு முடியவில்லை. நீங்கள் அவரை ஞானியாக நடத்த நடத்த, அவரும் உங்களிடம் ஞானிபோலவே எழுதத் தொடங்குவார். பாதி உருவம் அவர் அனுப்பியதாக இருக்கலாம், பாதி நீங்கள் வரவழைத்தது.

பேனா நண்பர்கள் காலத்தில் எங்கள் விடுதியில் ஒருவன் இருந்தான். இன்லண்ட் கடிதத்தின் மடிப்பில்கூட இடம்விடாமல் எழுதுவான். மதுரையில் இருந்த பேனா நண்பரை ஒருநாள் பார்க்கப் போனான். அவர் சாப்பாடு போட்டு, பஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் வழியாக முறுக்குப் பொட்டலமும் கொடுத்திருக்கிறார். ஆனால் அன்று முழுவதும் வாய் ஓயாமல் மாமனார் வீட்டுச் சொத்துத் தகராறைப் பேசியிருக்கிறார். திரும்பி வந்தவன், “ஏமாத்திட்டான்டா” என்றான். முறுக்கை நாங்கள்தான் தின்றோம். அந்த மனிதர் யாரை ஏமாற்றினார்? எழுத்தில் அவர் அமைதியானவர் என்று இவனாக முடிவுகட்டிக்கொண்டான், அதற்கான தண்டனை அவருக்கு. அப்புறம் அவன் அவருக்குக் கடிதமே போடவில்லை. உங்கள் நண்பரை நினைத்தும் எனக்குக் கொஞ்சம் பாவமாக இருக்கிறது. அந்த ஞானி உருவம் அவருக்குத் தெரியாமலே நீங்கள் அவர்மேல் ஏற்றிவைத்திருக்கும் சுமை.

உங்கள் துக்கத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. அப்பா போன வீட்டில் ராத்திரி எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் யாராவது பதில் போட்டால் பெரிதாகத்தான் தெரியும்.

சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? இப்போது வேண்டாம். அவருக்குப் பிடித்த நாவல் ஒன்று உங்களுக்குப் பிடிக்காமல் இருக்குமே, அதை அவரிடம் சொல்லுங்கள். சொல்வதற்கு முன்னால் அவர் என்ன செய்வார் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கோபப்படுவாரா, ஏன் என்று கேட்பாரா, பேச்சை மாற்றுவாரா, ஏதாவது ஒன்று. பதில் வந்தபிறகு தாளைத் திருத்தக்கூடாது. இரண்டு மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் போன் போட்டுப் பேசுங்கள். பாதி ராத்திரியில் வேண்டாம்.