முதலில் விடைத்தாள், அப்புறம் உப்பளம்

கேள்வி: “கலவைகளை வேறாக்கல் அலகை ஆறு பாடவேளையில் முடித்தேன். நிலாவெளி உப்பளத்துக்குக் கூட்டிப்போனேன், மாதிரியுரு செய்வித்தேன், பிள்ளைகள் சந்தோஷமாகச் செய்தார்கள். தவணைப் பரீட்சையில் ‘ஏன் இந்த முறை?’ என்று கேட்டதற்குப் பாதிப்பேர் ஒன்றும் எழுதவில்லை. அடுத்த முறை எந்தச் செயற்பாட்டைச் சேர்க்கலாம்?” (விஞ்ஞான ஆசிரியை, திருகோணமலை)

இப்போதைக்கு ஒன்றையும் சேர்க்க வேண்டாம், ரீச்சர். திட்டமிடும் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். அலகின் முடிவில் பிள்ளை என்ன செய்யக்கூடியவராக இருக்க வேண்டும், அதை எதை வைத்து நம்புவோம், அதற்கு என்ன கற்பிக்க வேண்டும் என்ற ஒழுங்கில் போக வேண்டும். விக்கின்ஸ், மக்டை என்ற இரு அமெரிக்கக் கல்வியாளர்கள் 1998இல் ‘பின்னிருந்து திட்டமிடல்’ என்று விரித்துச் சொன்னது இதைத்தான்.

முதற்படி சின்னது. வழிகாட்டியில் உள்ள கற்றற்பேறுகளை ஒரே வசனமாக்குங்கள்: “முன்பு காணாத கலவையொன்றைக் கொடுத்தால், கூறுகள் எந்த இயல்பில் வேறுபடுகின்றன என்று பார்த்து, முறையைத் தெரிவுசெய்து, காரணம் எழுதுவார்.”

இரண்டாவது படியில்தான் பலர் வழுக்குகிறோம். அந்த வசனத்துக்குச் சாட்சியாக எதை ஏற்போம்? உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் புல்மோட்டை இருக்கிறது. அந்தக் கறுப்பு மணலில் இல்மனைற், ரூட்டைல், சிர்கோன் மூன்றும் சாதாரண மணலோடு கலந்திருக்கின்றன. பிள்ளைக்கு ஒரு சிறு அட்டவணை கொடுங்கள். சாதாரண மணலின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 2.65 மடங்கு, மற்ற மூன்றும் 4 மடங்குக்கு மேல். இல்மனைற் வலிய காந்தத்தால் கவரப்படும், மற்றவை கவரப்படா. ரூட்டைல் மின்னைக் கடத்தும், சிர்கோன் கடத்தாது. நான்கையும் எந்த ஒழுங்கில் பிரிப்பாய், ஏன் என்பதே வினா.

நீங்களே முதலில் விடை எழுதிப் பாருங்கள். “பாரம் குறைந்த மணலை நீரோட்டத்தால் கழுவி நீக்குவேன், பிறகு காந்தத்தால் இல்மனைற்றை எடுப்பேன், மிஞ்சும் இரண்டையும் மின் கடத்துதிறனால் பிரிப்பேன்” என்று ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு வந்தால் நிறைவான விடை. ஒழுங்கு கொஞ்சம் மாறினாலும், காரணம் இயல்பைத் தொட்டால் ஏற்கலாம். “காந்தம் பாவிப்பேன், அது இலகு” என்று மட்டும் எழுதினால் முறையின் பெயர் தெரிகிறது, ஏன் என்பது தெரியவில்லை.

எந்தச் சாட்சியையும் இரண்டு கேள்வியால் சோதிக்கலாம். விளங்காத பிள்ளை இதில் நல்ல புள்ளி எடுக்க முடியுமா? விளங்கிய பிள்ளை இதில் தவறிப்போக முடியுமா? என் வகுப்பில் ஒரு பையன் ரெஜிபோமில் செய்த உப்பள மாதிரியுருதான் ஆக அழகு. “ஏன் தம்பி பாத்தி ஒன்று போதாதா?” என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை. முழுப் புள்ளியை நான் ஏற்கனவே போட்டுவிட்டேன். சித்திரக் கை திருந்தாத பிள்ளை, விளங்கியும் அதில் புள்ளி இழந்திருக்கும். மாதிரியுரு இரண்டு சோதனையிலும் தோற்றது. புல்மோட்டை வினா முதலாவதில் தேறும். இரண்டாவதில் தேற, கனியப் பெயர்களை மனனம் கேட்காமல் அட்டவணையில் கொடுத்துவிட வேண்டும், எழுதத் திணறுபவரிடம் வாயால் கேட்க வேண்டும்.

இனித்தான் செயற்பாடு. மாதிரியுருவை விட்டுவிடலாம். உப்பளம் இருக்கட்டும், ஆனால் ஒரு கேள்வியோடு போங்கள்: கடல்நீரை ஏன் பாத்தி மாற்றி மாற்றி விடுகிறார்கள்? நீர் ஆவியாக ஆவியாக, கரைதிறன் குறைந்த கல்சியம் காபனேற்று முதலில் படியும், பிறகு கல்சியம் சல்பேற்று, அப்புறம்தான் கறியுப்பு. மகனீசிய உப்புகள் படிய முன்னர் அந்தக் கசப்பு நீரை வெளியே விட்டுவிடுவார்கள். இயல்பு வேறுபாடே வேறாக்கும் என்பதை, பிள்ளை அங்கே கண்ணால் காண்கிறது. வீட்டில் அரிக்கஞ்சட்டியில் அரிசி அரிப்பதையும் வகுப்பில் செய்யுங்கள். அரிசி நீரோடு போகிறது, கல் அடியில் நிற்கிறது. மணல் கழுவுவதும் இதே வேலைதான், ஆனால் அதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். புல்மோட்டை வினாவை முன்கூட்டியே பயிற்றினால் அது காணாத கலவை அல்ல. மனனத்தைத்தான் அளப்பீர்கள்.

ஆறு பாடவேளையில் கடைசியை வினாவுக்கு ஒதுக்குங்கள். மூன்றாவதின் முடிவில் துண்டுத் தாளில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: “இரும்புத் தூளையும் உப்பையும் எப்படிப் பிரிப்பாய், ஏன்?” ‘ஏன்’ பக்கம் வெறுமையாக வருபவர்கள் அதிகமென்றால் நான்காவதில் புதிதாக ஒன்றும் எடுக்காமல், அரிக்கஞ்சட்டிக்கே திரும்புங்கள்.